ஏசி மெக்கானிக் கோர்ஸ்: பட்டறையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

"டிகிரி முடிச்சு சும்மா இருக்கேன். மூணு மாசத்துல சம்பளம் வர்ற மாதிரி கோர்ஸ் எது?"

தமிழ்நாட்டில் இருந்தால் ஸ்ப்ளிட் ஏசி சர்வீஸ் கற்கலாம் தம்பி. டிசம்பரில் சேருங்கள், கோடைக்கு முன், பிப்ரவரி, மார்ச்சில்தான் சர்வீஸ் கடைகள் ஹெல்பர்களைத் தேடும். மே மாதம் முடிகிற கோர்ஸ் என்றால் சீசன் போய்விடும்.

பணம் கட்டுமுன் பட்டறையைப் பாருங்கள். ஒவ்வொரு மாணவரும் செம்புக் குழாயை வெட்டி, பிசிறு நீக்கி, நுனியைப் புனல்போல விரித்து ஃப்ளேர் அடிக்கிறாரா? பிசிறு இருந்தால் ஃப்ளேரின் விளிம்பு சரியாகப் பொருந்தாது. கேஸ் மெல்லக் கசியும், ஏசி சில வாரத்தில் குளிராது. நட்டில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். இதைப் போர்டில் வரைந்து காட்டினால் கை பழகாது.

அடுத்து, குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றக் கற்றுத்தரும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். குழாயில் தங்கும் ஈரம் நாளடைவில் கம்ப்ரசரைக் கெடுக்கும். தவிர, இப்போது பரவலாக உள்ள ஆர்32 கேஸ் தீப்பற்றக்கூடியது. அப்படித் திறந்துவிடுவது ஆபத்து.

சான்றிதழைவிட, போன பேட்ச் மாணவர்கள் இரண்டு பேரின் நம்பரைக் கேளுங்கள். தரத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.