நாலு கிலோ தட்டுவடைக்கு ஏழரை கிலோ பில்

“கிலோ நானூறு ரூபா தட்டுவடை. அதை அமெரிக்கா அனுப்ப இவ்வளவா? என்னங்கக்கா, அநியாயமா இருக்கே!” சேலத்தில் அம்மாபேட்டையிலிருந்து அஸ்தம்பட்டி வரைக்கும் வீட்டில் பலகாரம் சுட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களில் இந்த வாட்ஸ்அப் செய்தி வராதவர் யாரும் இருக்க மாட்டார்கள். அநியாயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது அடுப்படியில் நடக்கவில்லை. கூரியர் கடை மேசையில், அளவு நாடாவில் நடக்கிறது.

கடை வாசலில் “யு.எஸ்.ஏ. கிலோ 800 மட்டுமே” என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். (கணக்குக்காக 800 என்று வைத்துக்கொள்வோம். விலை சீசனுக்குச் சீசன் மாறும்.) எந்தக் கிலோ என்று அதில் எழுத மாட்டார்கள். தராசில் நிற்கிற கிலோ ஒன்று. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, 5000-ஆல் வகுத்தால் வருகிற கிலோ இன்னொன்று. இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் பில். அதையும் அடுத்த அரைக் கிலோவுக்கு ஏற்றிப் போடுவார்கள். பணம் கட்டும்போதுதான் இந்த 5000 சமாச்சாரமே வாயைத் திறக்கும்.

நாலு கிலோ தட்டுவடையை கால் கிலோ கவர்களில் அள்ளிப் போட்டு, 40×30×30 பெட்டியில் அடுக்கி, மேலேயும் கீழேயும் பபிள் ஷீட் திணித்தால் தராசில் ஐந்து கிலோ நிற்கும். பெட்டிக் கணக்கு 36,000 வகுத்தல் 5000, அதாவது 7.2. பில் ஏழரை கிலோ, 6,000 ரூபாய். இதுவாவது பரவாயில்லை. டேப் ஒட்டும்போது பெட்டி புடைத்து ஒவ்வொரு பக்கமும் மூன்று சென்டிமீட்டர் கூடினால்? அட்டையில் அச்சடித்த அளவை யாரும் பார்ப்பதில்லை, புடைத்த இடத்தில்தான் நாடாவை வைப்பார்கள். 43×33×33 என்றால் 9.3 கிலோ சொச்சம். பில் ஒன்பதரை, 7,600 ரூபாய். உள்ளே ஒரு தட்டுவடைகூட அதிகமாகப் போகவில்லை. 1,600 ரூபாய் வெறும் காற்றுக்கு!

இதற்கு வழி பேரம் பேசுவதில் இல்லை, அடுக்குவதில் இருக்கிறது. முறுக்கை எப்படி அடுக்கினாலும் இடம் போகும், ஆனால் நம்ம ஊர்த் தட்டுவடை சின்னது, வட்டம், தட்டை. ஒரே அளவு மூடியால் வெட்டித் தட்டினால் காசு அடுக்குகிற மாதிரி தூணாக நிற்கும். இருபது இருபத்தைந்து தட்டுவடையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பட்டர் பேப்பரில் ஆடாமல் சுருட்டி, நீளக் கவரில் போட வேண்டும். ஒன்றோடொன்று இறுகி இருப்பதால் உடைவதும் குறையும், கவருக்குள் வெற்றிடமும் குறையும். அதே நாலு கிலோ இப்போது 36×26×22 பெட்டியில் அடங்கும். கணக்குப்படி 4.1 கிலோ, தராசில் ஐந்து. பில் ஐந்து கிலோ, 4,000 ரூபாய். அள்ளிப் போட்டதற்கும் அடுக்கியதற்கும் வித்தியாசம் 2,000. இதைச் சொன்னால் “கையில அடுக்க நேரமேது?” என்கிறார்கள். அந்த 2,000 யார் வீட்டுப் பணம் என்று நினைக்கிறார்களோ!

பெட்டி அஞ்சடுக்கு அட்டையாக இருக்கணும். லீ பஜாரில் மளிகை வந்த பழைய மூன்றடுக்கு அட்டையை எடுத்து வந்து டேப்பால் சுற்றினால், மேலே இருபது கிலோ மூட்டை உட்கார்ந்ததும் மூலை மடங்கிவிடும். பெட்டிச் சுவருக்கும் கவருக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் மெத்தை போதும். மூடியபின் குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் ஆட்டம் இருக்கிறது, புடைத்தால் அதிகம் திணித்திருக்கிறீர்கள்.

அடுத்தது “ஒரு மாசத்துல நமத்துப்போச்சு, சிக்கு வாடை வந்துருச்சு” என்கிற புகார். பாதிப் புகாருக்குக் காரணம் சூட்டோடு கவரில் போட்டது. நடுவிலிருக்கும் சூடு ஆவியாகிக் கவரின் உள்பக்கம் வேர்க்கும், தட்டுவடை நமத்துப்போகும். எடுத்தபின் எண்ணெய் வடிய நிமிர்த்தி வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் முழுக்க ஆறவிட்டுத்தான் கவரைத் தொடணும். மீதிப் பாதி, முந்தாநாள் சுட்ட எண்ணெயையே திரும்பக் காய்ச்சியது. பக்கத்துத் தெருவுக்கு விற்றால் இரண்டு நாளில் தின்றுவிடுவார்கள், தெரியாது. மூன்று வாரம் கழித்துத் திறக்கிற இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். வெளிநாட்டு ஆர்டருக்குப் புது எண்ணெய், தேங்காய்ப் பல் கிடையாது, அவ்வளவுதான். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற கவரும் வேண்டாம். உள்ளே வெள்ளிப் பூச்சு உள்ள லேமினேட் கவர்தான் காற்றையும் வெளிச்சத்தையும் தடுக்கும்.

கவரை உப்ப வைத்து ஒட்டினால் உடையாது என்று யாரோ வீடியோ போட்டுவிட்டார்கள், இப்போது எல்லாரும் பலூன் மாதிரி ஒட்டுகிறார்கள். ஏற்காடு பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட்டோடு போனவர்களுக்குத் தெரியும், கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடிப்பதற்குள் பாக்கெட் விறைத்துவிடும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். பறக்கும் விமானத்துக்குள் இருக்கிற காற்றழுத்தம் 2,400 மீட்டர் மலைமேல் இருப்பது வரைக்கும் இறங்கும். இங்கேயே உப்பியிருக்கும் கவருக்கு அங்கே தையல் விடத்தான் செய்யும். காற்று முக்கால் பாகத்துக்கு மேல் நிரம்பாமல் கவரைத் தளர்வாக விட்டு ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் கவர் வாயின் உள்பக்கத்தைத் துணியால் துடையுங்கள், ஒரு துளி எண்ணெயோ தூளோ அங்கே இருந்தால் சீல் பிடிக்காது. சந்தேகமாக இருந்தால் ஒரு கவரை வாளித் தண்ணீரில் அமுக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அதையும் தாண்டி நம்பிக்கை இல்லையென்றால் ஒரு கவரை ஏற்காட்டுக்கு ஏற்றி இறக்கிப் பாருங்கள். பஸ் டிக்கெட் செலவில் இதைவிட நல்ல சோதனை கிடையாது.

இப்போது நிஜமாகவே ரத்தம் கொதிக்கிற இடம். “அக்கா, கிஃப்ட்னு போட்டு அனுப்பிருங்க, எல்லாரும் அப்படித்தான் அனுப்பறாங்க.” கூரியர் கடைக்காரரே இதைச் சொல்லிக்கொடுக்கிறார், அதுதான் கொடுமை. வீட்டில் ஒருவர் தன் கையால் செய்து, விற்பனை இல்லாமல், அமெரிக்காவில் இருக்கும் ஒருவருக்கு அன்பளிப்பாக அனுப்பும் உணவுக்கு, இன்ன உணவு வருகிறது என்று அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் முன்னறிவிப்பு தேவையில்லை. அம்மா மகளுக்கு அனுப்புவதற்கான விதி அது. காசு வாங்கிய தட்டுவடைக்கு அது பொருந்தாது. பெட்டிக்குள் உங்கள் கடை ஸ்டிக்கர், விலை, ஜிபே எண் எல்லாம் ஒட்டியிருக்கும், வெளியே “கிஃப்ட்” என்று எழுதியிருக்கும். ஸ்கேன் பண்ணுகிறவன் என்ன கண்ணை மூடிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறான்? முன்னறிவிப்பு இல்லாத விற்பனை உணவை உள்ளே விடாமல் நிறுத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நின்றால் சரக்கும் போச்சு, கூரியர் காசும் போச்சு, “எங்கக்கா பார்சல்?” என்ற கேள்வி மட்டும் உங்களுக்கு.

முன்னறிவிப்பைப் பதிவு செய்ய எஃப்.டி.ஏ. கட்டணம் வாங்குவதில்லை. இணையத்தில் போட்டால் ஒரு உறுதி எண் வரும், அது பெட்டியின் காகிதங்களோடு போகணும். அதை நமக்காகப் போட்டுத் தருவதற்குக் கடைக்காரர் காசு கேட்டால் அது அவருடைய வேலைக் கூலி. அரசாங்கக் கட்டணம் என்று சொல்லி வாங்கினால்தான் சண்டை போடணும். நம் பக்கத்தில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும், விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். இதைக்கூட எடுக்காமல் மாதம் முப்பது “கிஃப்ட்” அனுப்புகிறவர்களைப் பார்த்தால் என்ன சொல்வது!

லேபிளில் “ஸ்நாக்ஸ்” என்று ஒற்றை வார்த்தை எழுதுவதும் இந்த ரகம்தான். அரிசிமாவு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, எள், எந்த எண்ணெய் என்று எல்லாம் ஆங்கிலத்தில் வரணும். வேர்க்கடலை அங்கே ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது, 2023-லிருந்து எள்ளும் சேர்ந்துவிட்டது. பலருக்குத் தெரியாதது பெருங்காயத்தூள். டப்பாவின் பின்பக்கம் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். “அரிசிதானே, கோதுமை இல்லை” என்று லேபிள் அடித்தால் அது பொய்.

“அப்படியே ஒரு கொத்து கறிவேப்பிலை போட்டு விடுங்க” என்று கேட்பார்கள் பாருங்கள், அதற்கு மட்டும் தயவுதாட்சண்யமே வேண்டாம். தட்டுவடையில் பொரிந்தது வேறு. பச்சைக் கறிவேப்பிலை எலுமிச்சை வகை மரங்களைக் கெடுக்கும் பூச்சியைச் சுமக்கும் என்பதால் அமெரிக்கா அதைத் தடுத்திருக்கிறது. ஓசிக் கொத்து ஒன்றால் பெட்டி மொத்தமும் மாட்டும். அதே போல ஆஸ்திரேலியாவுக்குப் பால்கோவா, பேடா, பர்ஃபி என்று பால் இனிப்பு கேட்டால் பணம் வாங்கும் முன்பே முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக விலை. கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள், பெட்டிக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். மேலே அடுக்கிய நாலு கிலோ பெட்டிக்குத் தட்டுவடை 1,600, கவர் பெட்டி டேப் 350, அடுக்குகிற கூலி 250, கூரியர் 4,000, காகித வேலை 300. மொத்தம் 6,500. உடைசல், தொலைதலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 6,825. வெளிநாட்டு கார்டில் பணம் வாங்கும் கேட்வே நூற்றுக்கு நாலு பிடிக்கிறது என்றால், அவன் பிடிப்பது கூரியர் காசையும் சேர்த்த முழுத் தொகையில். அதனால் நாலு சதவீதம் கூட்டக் கூடாது, 0.96-ஆல் வகுக்கணும். 7,109 வரும். ஒரே ஒரு கிலோ கேட்பவருக்குக் கிலோ விலை இன்னும் எகிறும், ஏனென்றால் முதல் அரைக் கிலோதான் கூரியரில் விலை உயர்ந்தது. ஆகவே குறைந்தபட்ச ஆர்டர் மூன்று நாலு கிலோ என்று வைத்தால் திட்டு குறையும்.

இதில் அமெரிக்க வரி சேரவில்லை. 800 டாலருக்குள் வரியில்லை என்கிற பழைய சலுகை 2025 ஆகஸ்ட் 29-லிருந்து நின்றுபோனது. அந்தக் குழப்பத்தில் நம் அஞ்சல் துறையே அமெரிக்காவுக்கான பார்சலை நிறுத்தி, அக்டோபரில்தான் மறுபடி எடுத்தது. பழைய நினைப்பில் “வரி எல்லாம் வராதுங்க” என்று வாய்ப்பேச்சாகச் சொல்லி அனுப்பிவிட்டு, வாசலில் வரி கேட்டதும் வாடிக்கையாளர் வாங்க மறுத்தால் பெட்டி திரும்பி வராது, வந்தாலும் திரும்பும் கூலி நம் தலையில். விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால் புக் செய்யும் அன்று கேட்டு, இங்கேயே கட்டப் போகிறோமா, அங்கே அவர் கட்டுவாரா என்று பில்லில் எழுதுங்கள். “சரி, நான் கட்டுறேன்” என்று அவர் எழுத்தில் பதில் போட்ட பிறகு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினால் போதும்.