பள்ளிக்கட்டணம்: முதல்வரைப் பார்க்கும் முன் போட வேண்டிய கணக்கு

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பிள்ளையைத் தனியார் பள்ளியில் போட்டிருக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் ஒருவர் சம்பளம் நின்றுபோனதும் பெற்றோர் முதல்வரிடம் போய், "சார், கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க" என்கிறார்கள். அந்தக் 'கொஞ்சம்' யாருக்கும் புரியாது. கட்டணத்தைக் குறைக்கும் அதிகாரம் பல பள்ளிகளில் முதல்வரிடம் இல்லை, நிர்வாக வாரியத்திடம் இருக்கிறது. முதல்வரால் முடிந்தது, உங்கள் கடிதத்தை ஒரு நல்ல வார்த்தையோடு மேலே அனுப்புவது. எனவே அப்படியே அனுப்பக்கூடிய ஒரு பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.

அதில் முதலில் வர வேண்டியது தொகையும் தேதியும். சோகக்கதை இரண்டு வரி போதும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 5,000 ரிங்கிட் சம்பளம் வாங்கிய அப்பாவை மார்ச் 31-இல் ஆட்குறைப்பு செய்துவிட்டார்கள் என்று வையுங்கள். அம்மாவின் சம்பளம் 3,000. வீட்டுக்கடன், கார், சாப்பாடு, பில் எல்லாம் சேர்த்து மாதம் 4,050 போகிறது. ஏப்ரலில் தொடங்கும் டெர்முக்குக் கட்டணம் 5,400.

சொக்சோவின் வேலை காப்புறுதியில், வேலை தேடும் காலத்துக்கு மாதாமாதம் ஓர் உதவித்தொகை உண்டு. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். தானாக ராஜினாமா செய்தவருக்கும் ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறியவருக்கும் அது கிடையாது. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது சந்தா கட்டிய மாதங்களைப் பொறுத்தது. அதிகபட்சம் 6 மாதம். பலர் கவனிக்காத விஷயம், அந்தப் பணம் இறங்கிக்கொண்டே வரும்: முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்து 50, பிறகு 40, 40, 30, 30.

இந்த வீட்டில் ஏப்ரலில் ஏறக்குறைய 4,000 வரும், மே மாதம் 2,500, ஜூனிலும் ஜூலையிலும் 2,000. அம்மா சம்பளத்தைச் சேர்த்துச் செலவைக் கழித்தால் மிஞ்சுவது 2,950, 1,450, 950, 950. இப்போது 5,400-ஐ நான்காகப் பிரித்து மாதம் 1,350 என்று எழுதிக் கொடுத்தால் ஜூனிலேயே இடிக்கும். ஏப்ரல் மிச்சத்தைத் தொடாமல் வைத்திருந்தால் சமாளிக்கலாம்தான். ஆனால் வேலையில்லாத வீட்டில் மிச்சப்பணம் அப்படி உட்கார்ந்திருக்குமா என்ன? 2,600, 1,300, 750, 750 என்று கேளுங்கள். முதல் தவணை பெரிதாக இருப்பதால் கணக்குப் பிரிவும் சுலபமாக ஒப்புக்கொள்ளும். தேதியை மாதக்கடைசியில் வையுங்கள், சொக்சோ பணம் கைக்கு வந்து சேர நாள் பிடிக்கலாம். பின்தேதியிட்ட காசோலை கேட்டால், மாதாமாதம் வங்கிப் பரிமாற்றம் செய்வதாகச் சொல்லிப் பாருங்கள். ஒரு காசோலை திரும்பினாலும் அடுத்த முறை உங்கள் பேச்சு எடுபடாது.

பஸ், சாப்பாடு, தேர்வுக் கட்டணத்தில் சலுகை கேட்காதீர்கள். பெரும்பாலும் அது பள்ளி வேறொருவருக்குக் கட்டும் பணம். படிப்புக் கட்டணத்தில்தான் பள்ளிக்கு இடம் இருக்கிறது.

இனி, ஏறக்குறைய யாருமே கேட்காத ஒன்று. பல பள்ளிகள் ஒரு டெர்ம் கட்டணத்தை டெபாசிட்டாக வைத்திருக்கும். பிள்ளையை நிறுத்துவதென்றால் முழு டெர்முக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் டெபாசிட் போய்விடும். நம் கணக்கில் ஆகஸ்டில் மிஞ்சுவது வெறும் 450. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் செப்டம்பர் டெர்மைக் கட்ட முடியாது. ஆனால் அதற்கான முன்னறிவிப்புத் தேதி ஏப்ரலிலேயே முடிந்துவிடும். அதனால் கடிதத்தில் இந்த வரியையும் சேருங்கள்:

"எங்கள் நிலைமை தெளிவாகும்வரை, இந்த மாணவருக்கு மட்டும் முன்னறிவிப்புக் கடைசித் தேதியை ஜூன் 15 வரை தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

பள்ளிக்கு இதில் இப்போது கைக்காசு எதுவும் போவதில்லை. உங்களுக்கோ ஒரு டெர்ம் கட்டணமே தப்பும். டெபாசிட்டையே இந்த டெர்முக்குக் கழித்துக்கொள்ளச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. பிறகு அதை நிரப்பச் சொல்வார்கள், அப்போது கையில் இருப்பது இன்னும் குறைவாக இருக்கும்.

கடிதத்தோடு ஆட்குறைப்புக் கடிதம், சொக்சோ ஒப்புதல், வேலையிலிருப்பவரின் சம்பளச் சீட்டு, இந்த மூன்றும் போதும். முழு வங்கி அறிக்கையைக் கொடுக்காதீர்கள். அதில் வெளியில் சாப்பிட்ட ஒரு பில் கண்ணில் பட்டால் பேச்சு அங்கே போய்விடும்.

பில் வந்து நினைவூட்டல் கடிதமும் வந்த பிறகு போனால் நீங்கள் 'பாக்கி வைத்தவர்' என்ற பட்டியலில் இருப்பீர்கள், தாமதக் கட்டணமும் ஏறியிருக்கும். டெர்ம் தொடங்கும் முன்பே போங்கள். முதல்வர் நேரில் "சரி, பார்த்துக்கலாம்" என்றால் அன்றைக்கே தொகை, தேதி, டெபாசிட் பற்றிப் பேசியதை மின்னஞ்சலில் எழுதி, கணக்குப் பிரிவுக்கும் நகல் வைத்து அனுப்புங்கள். அடுத்த மாதம் கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்கு அந்தப் பேச்சு தெரிந்திருக்காது.