மேலாளர்களின் அச்சம் சோதிக்கப்பட்டிருக்கிறது

"வீட்டில் இருந்தால் வேலை நடக்காது என்பது மேலாளர்கள் அனுபவத்தில் கண்டது" என்று வீட்டிலிருந்து வேலை பற்றிய விவாதத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார்.

அனுபவமா, அச்சமா? சீனாவின் டிரிப்.காம் பயண நிறுவனம் 2021-22இல் இதைச் சோதித்தது. 1,612 ஊழியர்களைப் பிறந்த தேதிப்படி பிரித்தார்கள். ஒற்றைப்படைத் தேதிக்காரர்களுக்குப் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை. மற்றவர்களுக்கு ஐந்து நாளும் அலுவலகம். விருப்பப்பட்டவர்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் ஒப்பீடே செல்லாது என்பதால்தான் இந்தத் தேதிக் கணக்கு.

பணி மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் இரு குழுக்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ராஜினாமா மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, குறிப்பாகப் பெண்களிடமும் நெடுந்தூரம் பயணிப்பவர்களிடமும். உற்பத்தித்திறன் 2.6 சதவீதம் குறையும் என்று முதலில் கணித்த மேலாளர்கள், முடிவில் 1 சதவீதம் கூடியதாகச் சொன்னார்கள்.

இது வாரத்தில் இரண்டு நாளுக்கான சான்று. ஐந்து நாளும் வீடு கேட்பவர்கள் இதைக் காட்டி வாதாட முடியாது. எங்கள் மேலாளரிடம் இதைச் சொன்னேன். "அலுவலகத்துக்கு வரச் சொல்லும் உத்தரவு மேலிடத்திலிருந்து வருகிறது, வருகைப் பட்டியல் என் தலையில் விழுகிறது" என்றார். அவர் மீதான பாதிக் கோபம் தவறான முகவரிக்குப் போகிறது.