இடிப்பதில் மட்டும் என்ன வேகம்!

குளியலறையைப் புதுப்பிக்கப் பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, பழைய டைல்ஸைப் பெயர்த்துப் போட்டதும் தொலைபேசியை எடுக்காமல் போகும் ஒப்பந்ததாரர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். எனக்கும் நேர்ந்தது. "ஆள் சரியில்லை" என்று ஆறுதல் சொன்னார்கள். ஆளைவிடக் கணக்கைத்தான் நான் குறை சொல்வேன்.

ஒப்பந்தத் தொகை 100 என்று வையுங்கள். அவருடைய உண்மையான செலவு 80, லாபம் 20. முன்பணமாக 50 கொடுத்துவிட்டீர்கள். இடிப்பதற்கும் குப்பை அள்ளுவதற்கும் 10 செலவாகிறது. கையில் 40 மிச்சம். மீதி வேலைக்கு இன்னும் 70 செலவாகும், உங்களிடமிருந்து வர வேண்டியதோ 50தான். ஒழுங்காக முடித்தால் 20 கிடைக்கும். இப்போதே நழுவினால் 40. அந்த 40-ம் பெரும்பாலும் அவர் பையில் இருப்பதில்லை. முன்பு பாதியில் விட்ட வேறொரு வீட்டு வேலைக்குப் போயிருக்கும். உங்கள் வீட்டு வேலையை முடிக்க அடுத்த ஏமாளியின் முன்பணம் வர வேண்டும்.

இடிப்பு வேகமாக நடப்பதற்கும் காரணம் உண்டு. செலவு குறைவு, பார்ப்பதற்குப் பெரிய வேலை. இடித்த குளியலறையோடு நீங்கள் எங்கும் போக முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். அதன்பின் ஆட்கள் குறைவார்கள்; "பொருள் இன்னும் வரவில்லை" என்பார்; கூடவே அடுத்த தவணையையும் கேட்பார். கடை ரசீதைக் கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

முன்பணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறு ஒப்பந்ததாரர்களிடம் கைமுதல் இருக்காது, உண்மைதான். டைல்ஸுக்கும் குழாய்களுக்கும் நீங்களே கடையில் பணம் கட்டுங்கள். அவருக்கு இடிப்புச் செலவு அளவுக்கு மட்டும் முன்பணம் போதும். மற்றவை முடிந்த வேலைக்கே. சுவருக்குள் குழாய் பதித்து, அழுத்தம் கொடுத்துக் கசிவில்லை என்று பார்த்த பிறகு ஒரு தவணை. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்ததும், வடிகாலை அடைத்து ஒரு முழு நாள் தண்ணீர் தேக்கி, கீழ்த்தளக் கூரையில் ஈரம் இல்லை என்று கண்ட பிறகு அடுத்தது. டைல்ஸ் ஒட்டிவிட்டால் இவற்றைப் பார்க்க வழியில்லை. இதற்கு ஒப்பாத ஒப்பந்ததாரர் வராமலிருப்பதே லாபம்.

ஏற்கெனவே சிக்கியவர்கள் கோபத்தில் உடனே வேறு ஆளை இறக்கிவிடாதீர்கள். புது ஆள் கை வைத்துவிட்டால், பழையவர் எவ்வளவு செய்தார் என்பதற்குச் சாட்சியே மிஞ்சாது. தேதியோடு படமெடுங்கள். சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரிடம், நடந்திருக்கும் வேலையின் மதிப்பை எழுத்தில் வாங்குங்கள். பிறகு, இந்தத் தேதிக்குள் வேலையைத் தொடருங்கள், இல்லையென்றால் மிச்சப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று, அனுப்பியதற்குச் சான்று கிடைக்கும் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அவர் எடுக்காத அழைப்புகளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, வழக்கு என்று போனால் அந்த இரண்டு தாள்கள்தான் உதவும்.