ஜாம் இறுக, சர்க்கரை மட்டும் போதுமா?

"ஜாம் இறுகாவிட்டால் சர்க்கரையைக் கூட்டினால் போதும்."

தேர்வில் இப்படி எழுதினால் தவறு. ஜாமை இறுகவைப்பது பழத்திலுள்ள பெக்டின் என்னும் இழைப்பொருள். சர்க்கரை அதைச் சூழ்ந்த நீரை இழுக்கிறது. ஆனால் பெக்டின் இழைகளின் எதிர்மின்னேற்றம் அவற்றை விலக்கியே வைக்கும். அதைத் தணிப்பது அமிலம். ஆகவே பி.எச். 3.0–3.3, சர்க்கரை முதலான கரைதிண்மம் 65–68 சதவீதம், பெக்டின் சுமார் 1 சதவீதம் என மூன்றும் சேரவேண்டும்.

பப்பாளியைப் பாருங்கள். அதில் அமிலம் மிகக் குறைவு. எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் பாகாகவே நிற்கும், கரைதிண்மம் 70 சதவீதம் தாண்டினால் படிகம் கட்டும். ஒரு கிலோ கூழுக்கு 750 கிராம் சர்க்கரை, சிறிது பெக்டின், 5–6 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்ப்பதே வழி. அமிலத்தைக் கடைசியில்தான் போடவேண்டும். அமிலத்தோடு நெடுநேரம் கொதித்தால் பெக்டின் சிதையும். அதற்காக அமிலத்தை அள்ளிப் போட்டாலும் ஜாம் நீர் கசியும்.