பத்து சதவீதத்தை யார் கொடுக்கிறார்கள்?

பிப்ரவரி கடைசி வாரம் வந்தால் சித்தியிடமிருந்து போன் வந்துவிடும். "பாப்பா, மகளிர் தினத்துக்கு நாலு வரி எழுதிக் குடு. ஸ்டேட்டஸ்லயும் முகநூல்லயும் போடணும்."

சித்தி திண்டுக்கல்லில் ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறார். கட்டிங் சித்தி. மெஷினில் இரண்டு அக்காக்கள். கொக்கி, ஹெம்மிங் எல்லாம் பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா வீட்டுக்கு எடுத்துப் போய்ச் செய்து கொடுப்பார். வருகிற வாடிக்கையாளர்களும் பெண்கள்தான். ஆண்கள் வந்தால் வாசலில் பைக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் எழுதிக் கொடுத்தது இது: "பெண்மையைப் போற்றுவோம்! மகளிர் தினச் சிறப்பு, அனைத்து பிளவுஸ்களுக்கும் 10% தள்ளுபடி." பின்னணியில் ரோஸ் கலர், கூந்தலில் பூ பறக்கும் ஒரு பெண்ணின் முகம். எழுத ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அதே வரியைப் பெயர் மட்டும் மாற்றி நகைக்கடைக்கும் போடலாம், டயர் கடைக்கும் போடலாம்.

அந்த வாரச் சனிக்கிழமை கூலிக் கணக்குப் பார்க்கும்போது நான் கடையில் இருந்தேன். லைனிங் பிளவுஸ் ஒன்றுக்கு வாடிக்கையாளரிடம் வாங்குவது 450 ரூபாய். அதில் மெஷினில் தைப்பவருக்கு 180. தள்ளுபடி வாரத்தில் 450, 405 ஆனது. கூலிச்சீட்டில் 180, 165 ஆகியிருந்தது. ஒரு அக்கா சீட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மடித்து வைத்துக்கொண்டார்.

சித்தி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கேட்டதற்கு, "கடைக்குக் குறைஞ்சா எல்லாருக்கும் கொஞ்சம் குறையத்தானே செய்யும்" என்றார். அதைத் தப்பாக யாருமே நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. நான் "பெண்மையைப் போற்றுவோம்" என்று எழுதிய வாரத்தில், அந்த 45 ரூபாய்ப் பரிசில் 15 ரூபாயை உள்ளே மெஷினில் உட்கார்ந்திருந்த பெண் கொடுத்திருக்கிறார். அவரைக் கேட்காமலே. பீஸ் ரேட்டில் வேலை நடக்கிற இடத்தில் தள்ளுபடி என்று எழுதுவதற்கு முன்னால், அது யார் பையிலிருந்து போகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் அது தானாகவே கீழே இறங்கிவிடும்.

மகளிர் தினத்தின் கதையிலேயே துணி தைப்பவர்களும் நெய்பவர்களும் வருகிறார்கள் என்பது வேறு. 1910இல் கோபன்ஹேகனில் கூடிய சோஷலிசப் பெண்கள் மாநாட்டில் கிளாரா செட்கின் முதலானவர்கள் இதை முன்வைத்தார்கள். 1911 மார்ச் 19 அன்று ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்தில் முதல்முறை கொண்டாடினார்கள். அது முடிந்து ஒரு வாரம் ஆகவில்லை, மார்ச் 25 அன்று நியூயார்க்கில் பெண்களுக்கான மேல்சட்டை தைக்கும் ஒரு தொழிற்சாலை தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். மாடிப்படிக் கதவு ஒன்று பூட்டிக் கிடந்திருக்கிறது. பிறகு 1917இல் பெட்ரோகிராடில் நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்த நாள்தான் நம் காலண்டரில் மார்ச் 8. ஒரு தையல் கடை இந்த நாளுக்கு வாசகம் எழுத ரோஜாப்பூவைத் தேடவே வேண்டியதில்லை.

சரி, போன வருடத்துக்கு வருகிறேன். சித்தி போன் செய்தபோது நான் திருப்பிக் கேட்டேன்: "உங்க கடைக்கு வர்ற பொம்பளைங்க வாய்விட்டுக் கேக்கக் கூச்சப்படுற வேலை எது சித்தி?"

யோசிக்கவே இல்லை. "பிளவுஸைப் பிரிச்சுத் தைக்கிறதுதான். புதுசு தைக்கக் குடுத்துட்டு, போகும்போது பையிலிருந்து பழசை எடுப்பாங்க. 'கொஞ்சம் குண்டாயிட்டேன் அக்கா'ன்னு மன்னிப்புக் கேக்குற மாதிரி சொல்லுவாங்க."

குழந்தை பெற்றவர்கள், தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், மாதவிடாய் நின்றவர்கள், காரணமே இல்லாமல் வயது ஏறியவர்கள். எல்லோர் பீரோவிலும் பத்தாத பட்டு பிளவுஸ் ஒன்றிரண்டு உண்டு. புடவை நன்றாகவே இருக்கும், பிளவுஸ் பத்தாததால் அதுவும் சேர்ந்து மடிப்பிலேயே கிடக்கும். கடைகளுக்கும் இந்த வேலை பிடிக்காது. நேரம் தின்னும், காசு வராது, "புதுசு வந்தா பார்க்கலாம்" என்று தள்ளிவிடுவார்கள். இதையே செய்வோம் என்றேன். ஒருவருக்கு ஒரு பிளவுஸ், இலவசமாக.

அப்புறம்தான் நிஜமான வேலை. "இலவசமாகப் பிரித்துத் தருகிறோம்" என்று மொட்டையாக எழுதினால் சண்டை வரும் என்றார் சித்தி. எல்லா பிளவுஸையும் பிரிக்க முடியாது. அதை எனக்குப் புரியவைக்க அடுத்த வீட்டு அத்தையின் அரக்குப் பட்டு பிளவுஸ் ஒன்றை மேஜையில் உள்பக்கம் திருப்பிப் போட்டார்.

கை ஓரத்தில் ஆரம்பித்து அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே கோடாகப் பக்கத் தையல் இறங்குகிறது. நல்ல கடையில் தைத்திருந்தால் அந்தக் கோட்டுக்கு வெளியே, அரை அங்குலம் விட்டு அரை அங்குலம் விட்டு, இன்னும் ஒன்றிரண்டு கோடுகள் ஓடும். வீட்டிலேயே முதல் கோட்டைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவைக்கும் தையல் அது. பாதிப் பேருக்கு அது எதற்கு என்றே தெரியாது. அத்தையின் பிளவுஸில் கடைசித் தையலுக்கு வெளியேயும் கொஞ்சம் விளிம்பு இருந்தது, எல்லாம் சேர்த்து முதல் கோட்டிலிருந்து ஒன்றரை அங்குலத் துணி. பிளவுஸின் மார்புச் சுற்று 36. இப்போது அத்தைக்கு வேண்டியது 39. மூன்று அங்குலம் கூட வேண்டும், ஆனால் அதை நான்கு விளிம்புகள் பங்குபோட்டுக்கொள்கின்றன: இடது பக்கம் முன்துணி, பின்துணி, வலது பக்கமும் அதே மாதிரி. ஆளுக்கு முக்கால் அங்குலம் தள்ளித் தைத்தால் போதும், மீதி முக்கால் அங்குலம் தையலுக்குப் பிடிமானமாக உள்ளேயே இருக்கும். கணக்கு சரியாக வந்தது.

ஆனால் கணக்கு சரியாக வந்தாலும் துணி ஒத்துழைக்க வேண்டும். பட்டில் பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளை வரிசையாகத் தெரியும். உள்ளே மறைந்திருந்த துணி அடர் நிறமாகவும் வெளியே இருந்தது வெளுத்தும் இருக்கும். ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்தால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. கையைத் தொங்கவிட்டால் மறைந்துவிடும் இடம் என்பதால் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை, இருந்தாலும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். அதைவிட மோசம் வியர்வை. அக்குளில் பட்டு இற்றுப் போயிருந்தால் பிரிக்கும்போதே கிழியும். துணியை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும், இழைகள் விலகினால் தொடவே கூடாது. அப்புறம், தோள்பட்டை இறுக்கமாக இருந்தால் பக்கத்தில் எவ்வளவு பிரித்தாலும் தீராது. முன்பக்கம் கொக்கிக்கு நடுவில் வாய் பிளக்கிறது என்றால் மார்பு வடிவத்துக்காக மடித்துத் தைத்திருக்கும் டார்ட்டையும் சேர்த்துத் தளர்த்த வேண்டும். அது வேறு வேலை, வேறு நேரம்.

லைனிங் இல்லாத பிளவுஸுக்கு இருபது நிமிடம், லைனிங்கும் பைப்பிங்கும் இருந்தால் முக்கால் மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டோம். ஒரு வாரத்தில் வழக்கமான வேலை நிற்காமல் 40 முடியும். தைப்பவருக்கு ஒன்றுக்கு 60 ரூபாய், கைவேலை செய்யும் அம்மாவுக்கு 15. மொத்தம் 3,000. சித்தி முகம் சுருங்கியது. முந்தின வருடம் ஃபிளெக்ஸுக்கும் முகநூல் விளம்பரத்துக்கும் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். 3,500. அதற்கு மேல் பேச்சு இல்லை.

கடைசியில் போட்ட வாசகம் இதுதான்:

"பத்தாமல் போன பிளவுஸ் ஒன்று உங்கள் பீரோவில் இருக்கும். எடுத்து வாருங்கள். எந்தக் கடையில் தைத்ததானாலும் சரி, இன்றைய உங்கள் அளவுக்குப் பிரித்துத் தைத்துத் தருகிறோம். கூலி வேண்டாம்.

மார்ச் 3 முதல் 8 வரை, முதல் 40 பிளவுஸ், ஒருவருக்கு ஒன்று.

வருமுன் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலுக்கு வெளியே ஒரு அங்குலத் துணி இருந்தால் சுற்றளவில் இரண்டு அங்குலம் கூட்டலாம். தையலுக்கு வெளியே இரண்டாவது கோடு ஓடினால் முதல் கோட்டை நீங்களே வீட்டில் பிரித்துக்கொள்ளலாம், எங்களிடம் வரவே வேண்டாம். அக்குளில் துணி இற்றிருந்தால் எங்களாலும் முடியாது. பட்டில் பழைய தையல் தடம் கொஞ்சம் தெரியும்.

அளவு எடுப்பவர் பெண், திரைக்குப் பின்னால். ஏன் பத்தவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். தைப்பவர்களுக்கான கூலியைக் கடை கொடுக்கிறது."

படமாக, உள்பக்கம் திருப்பிய அந்த அரக்குப் பட்டு பிளவுஸையே போட்டோம். தையல் கோடுகளுக்குப் பக்கத்தில் இஞ்ச் டேப். சக்தி, தேவி, தாய்மை என்று ஒரு சொல் இல்லை. "வாழ்த்துக்கள்கூட இல்லையே பாப்பா" என்று சித்தி கேட்டார். இல்லைதான்.

"எங்களிடம் வரவே வேண்டாம்" என்ற வரியை எடுத்துவிடச் சொல்லி இரண்டு நாள் சண்டை. கடைக்காரரே வராதே என்று எழுதுவாரா என்றார். எனக்கோ அந்த ஒரு வரிக்காகத்தான் மீதியை நம்புவார்கள் என்று தோன்றியது. கடைக்கு வராமல் வாசிப்பவருக்கும் கையில் ஏதாவது கிடைக்க வேண்டாமா? கூலி பற்றிய கடைசி வரியில் எனக்கே தயக்கம் இருந்தது, பீற்றிக்கொள்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று. மெஷின் அக்காதான் "இருக்கட்டும், எழுதிட்டா அப்புறம் மாத்த முடியாதுல்ல" என்றார். வைத்துவிட்டோம்.

34 பிளவுஸ் வந்தன. ஆறு திரும்பிப் போயின, நான்கில் உள்ளே துணியே இல்லை, இரண்டில் அக்குள் இற்றிருந்தது. ஒருவர் லைனிங் பிளவுஸை அன்றைக்கே வேண்டும் என்று கோபித்துக்கொண்டார். வாசகத்தில் எத்தனை நாளில் கிடைக்கும் என்று எழுதாதது என் தப்பு, இந்த வருடம் "மூன்று நாள்" என்று சேர்த்திருக்கிறேன். கமெண்டில் ஒரு அண்ணன் சட்டைக்கும் உண்டா என்று கேட்டிருந்தார். சித்தி தானே பதில் போட்டார்: "நவம்பர் 19 ஆண்கள் தினம் தம்பி, அன்னைக்கு வாங்க, காசு குடுத்துத் தைச்சுக்கலாம்."

திரும்பிப் போன அந்த நான்கில் ஒன்று சித்தியே கட்டிங் செய்தது. ஏழு வருடத்துக்கு முன்னால், துணி மிச்சம் பிடிக்க உள்ளே அரை அங்குலம்தான் விட்டிருக்கிறார். இப்போது பில் புத்தகத்தில் கழுத்து, கை நீளத்துக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் இருக்கிறது: "உள்துணி 1½".