பெரியப்பா உடைத்த ஏரி

செம்பரம்பாக்கம் ஏரி நேற்றிரவு 9.40 மணிக்கு உடைந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான். உடைத்தவர் பெரியப்பா.

"ஏரி உடைந்துவிட்டதாம். முகலிவாக்கம், மணப்பாக்கம் மக்கள் உடனே வெளியேறவும். அரசு மறைக்கிறது. ஆதாரம் கீழே."

கீழே ஒரு நாளிதழ்ச் செய்தியின் இணைப்பு. மதகிலிருந்து நுரைத்துப் பாயும் தண்ணீரின் படம், 'செம்பரம்பாக்கம் ஏரி திறப்பு' என்ற தலைப்பு. அவ்வளவுதான். 14 பேர் கைகூப்பினார்கள். இணைப்பைத் தொட்டுத் திறந்து படித்தவர் ஒருவரும் இல்லை. எதற்குப் படிக்க வேண்டும்? அதுதான் பெரியப்பா ஆதாரம் என்று சொல்லிவிட்டாரே!

முகலிவாக்கத்தில் தரைத்தளத்தில் தனியாக இருப்பது என் அம்மா. 2015 வெள்ளத்தை அதே வீட்டில் பார்த்தவர். நான் போய்ச் சேர்வதற்குள் அரிசி மூட்டை பரண் ஏறியிருந்தது. பத்திரங்கள் பிளாஸ்டிக் பையில், பை அம்மாவின் இடுப்பில். எதிர்வீட்டுப் பையன்கள் இருவர் குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கிப் பிடிக்க, அம்மா குனிந்து செங்கல்லைச் சொருகிக்கொண்டிருந்தார். ஒரு காலுக்கு மூன்று செங்கல், நான்கு கால். வெளியே தூறல்கூட இல்லை.

நான் இணைப்பைத் திறந்தேன். தலைப்புக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில்: 2020 நவம்பர் 25. நிவர் புயல் சமயத்துச் செய்தி! 24 அடி ஏரியில் தண்ணீர் 22 அடியைத் தொட்டதும், விநாடிக்கு 1,000 கனஅடி திறந்துவிட்டார்கள். 'உடைந்தது' என்ற சொல் செய்தியில் எங்குமே இல்லை. திறந்ததே கரைக்கு ஆபத்து வராமலிருக்கத்தான். 2015 டிசம்பரில் ஊரை மூழ்கடித்தபோது திறந்தது 29,000 கனஅடி. இது அதில் 29இல் ஒரு பங்கு. நேற்றைய நிலவரம் என்ன என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஏரிகளின் நீர்மட்டத்தைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் இணையத்தில் போடுகிறது. பார்த்தேன். 20 அடிகூட இல்லை.

தொலைபேசியில் அழைத்தேன்.

"ஏன்ப்பா, செய்தி பொய்யா?" என்றார்.

"செய்தி உண்மைதான், பெரியப்பா."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்னவா? செய்தி உண்மை. அதன் தலையில் நீங்கள் ஏற்றிய நான்கு வரிகளில் ஒன்றுகூட அந்தச் செய்தியில் இல்லை! 'உடைந்துவிட்டதாம்' என்று யார் சொன்னார்? பூங்காவில் உடன் நடக்கும் நண்பராம். அவருக்கு மைத்துனர் சொன்னாராம். மைத்துனருக்குப் பால்காரர். பால்காரருக்கு மேலே விசாரணையை நான் கொண்டுபோகவில்லை, எனக்கும் வயதாகிறது.

அந்த 'ஆம்' இருக்கிறதே, அதையாவது மெச்ச வேண்டும். கேள்விப்பட்டதுதான், கண்ணால் பார்க்கவில்லை என்பதை ஓரெழுத்தும் ஒற்றும் சொல்லிவிடுகின்றன. ஆனால் அத்தை அதைத் தன் அடுக்குமாடிக் குழுவில் போட்டபோது 'ஆம்' கழன்றுவிட்டது: 'ஏரி உடைந்துவிட்டது.' வேறொருவரிடமிருந்து வந்தது என்று காட்டும் அம்புக்குறியும் இல்லை. ஏனென்றால் அத்தை அதை அப்படியே பகிரவில்லை; நகலெடுத்து ஒட்டினார். அப்படி ஒட்டினால் அம்பு போய்விடும், அத்தையே நேரில் பார்த்துவந்து சொன்னது போலாகிவிடும்.

பெரியப்பாவுக்குக் கருத்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவில் மதகைத் திறப்பார்கள், நமக்குச் சொல்லமாட்டார்கள் என்ற அவருடைய கோபம் நியாயமானது. 2015 வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்று 2018இல் தணிக்கை அறிக்கையே சொன்னது. அதைச் சொல்லுங்களேன்! நானே எழுதிக் கொடுத்தேன்:

"இது 2020 நவம்பர் செய்தி. அப்போது 1,000 கனஅடி திறந்தார்கள். என் கருத்து: இந்த மழைக்காலத்திலாவது, திறப்பதற்கு ஒரு நாள் முன்பே கரையோரத் தெருக்களில் அறிவிக்க வேண்டும்."

செய்தி எது, அவர் நினைப்பது எது என்று யாரும் தடுமாற முடியாது. பால்காரருக்கு இதில் இடமே இல்லை. பெரியப்பா உருகிப்போனார். "பிரமாதம்ப்பா. 'என் கருத்து' என்று போட வேண்டும், அவ்வளவுதானே?" என்றார். எனக்கும் நெஞ்சு நிறைந்தது.

இன்று காலை 6.15. குழுவில் பெரியப்பா:

"என் கருத்து: பூண்டி ஏரியும் உடைந்துவிட்டது."

சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய? 11 பேர் அதற்குள் கைகூப்பியிருந்தார்கள்.

குளிர்சாதனப் பெட்டி இன்னும் செங்கல் மேலேதான் நிற்கிறது. இறக்க அம்மா விடவில்லை. "டிசம்பர் முடியட்டும்" என்கிறார். அதன் கதவு இப்போது சமையலறை மின்விளக்கின் சுவிட்ச் பலகையில் இடிக்கிறது. பால் எடுக்கும்போதெல்லாம் விளக்கு அணைகிறது. அந்தப் பலகையை அங்கே வைத்த மின்பணியாளரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.